வரிசையில் நிற்பவர் யார்: ஒரு சமுதாயச் சமையற்கூடத்தின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

சமூகப் பணி முதுகலைப் படிப்பின் களப்பணிக்காக, சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையை அடுத்த தெருவில் உள்ள சமுதாயச் சமையற்கூடத்தில் இன்று சேர்ந்தேன். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் நண்பகலில் சுமார் 250 பேருக்கு இங்கே இலவசமாக உணவு வழங்குகிறார்கள். பலகையில் பெரிய பெயர் எழுதியிருந்தாலும், சாப்பிட வருபவர்கள் இதைச் 'சாப்பாட்டு ஷெட்' என்றே சொல்கிறார்கள்.

காலை ஆறரைக்கு வேலை தொடங்கியது. இன்று சாம்பார் சாதம். 20 கிலோ புழுங்கலரிசி, 6 கிலோ துவரம்பருப்பு, பூசணி, கத்தரி, கேரட் என்று 12 கிலோ காய், 3 லிட்டர் எண்ணெய். பருப்பை மஞ்சளும் சில சொட்டு விளக்கெண்ணெயும் விட்டுத் தனியாக வேகவைத்தார் மாஸ்டர். அது மசியும் முன் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு கொரகொரவென்றே நிற்கும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தைத் தவறு செய்து கற்றேன். பதினொரு மணியளவில் அண்டாவிலிருந்து லேசான கருகல் வாடை வந்ததும், நான் பதறிப்போய்த் துடுப்பை அடிவரை விட்டுக் கிளறப் போனேன். "அடியைத் தொடாதீங்க தம்பி, தொட்டா மொத்தமும் நாறிடும்" என்று மாஸ்டர் கையைப் பிடித்துவிட்டார். அடுப்பை அணைத்து, மேலே இருந்ததை மட்டும் வேறு அண்டாவுக்கு மாற்றினோம். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஒட்டியது போனது; மீதி தப்பியது.

பரிமாறும்போது கவனித்த ஒன்றைக் குறித்துவைக்கிறேன். சாம்பார் சாதம் நேரம் ஆக ஆக இறுகும். அத்துடன் வரிசையும் நீண்டுகொண்டே போகும். ஆகவே ஒரு மணிக்குமேல் வெந்நீர் விட்டுத் தளர்த்துகிறார்கள். முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் கரண்டி அளவு ஒன்றுதான் என்றாலும் தட்டில் விழுவது ஒன்றல்ல.

ஜூன் 5, புதன்

நேற்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கிலோ அரிசியில் ஏறத்தாழ 70,000 கலோரி, பருப்பில் 20,000, எண்ணெயில் 24,000, காய்களில் 4,000 அல்லது 5,000. எல்லாம் சேர்த்து 250 தட்டுகளுக்குப் பிரித்தால் தட்டுக்கு 475 கலோரி வருகிறது. மாஸ்டரின் சம்பளத்தை விட்டுவிட்டு, சாமான்களையும் எரிவாயுவையும் மட்டும் கூட்டினால் தட்டுக்கு 16 ரூபாய் 50 காசு ஆகிறது.

இந்தியாவின் வறுமைக் கோடும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கணக்கிலிருந்துதான் பிறந்தது. 1979-இல் ஒய்.கே. அலக் தலைமையிலான பணிக்குழு, கிராமத்தவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும் நகரத்தவருக்கு 2,100 கலோரியும் என்று வைத்துக்கொண்டு, எந்தச் செலவு நிலையில் உள்ள குடும்பங்கள் அந்த அளவுக்கு உண்கின்றன என்று பார்த்து, அந்தச் செலவையே கோடாக வரைந்தது. 2009-இல் பொருளியலாளர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கலோரியை அளவுகோலாகக் கொள்ளும் வழக்கத்திலிருந்து விலகியது என்றாலும், பசியை எண்ணிக்கையாக்கி ஒரு கோட்டின் மேலும் கீழும் மனிதரை நிறுத்தும் முறை நம் சிந்தனையைவிட்டுப் போகவில்லை.

அந்த அளவுகோலின்படி எங்கள் தட்டு ஒரு நாள் தேவையில் கால் பங்கைக்கூட எட்டுவதில்லை. அதுவும் சராசரிக் கணக்குத்தான்; வெந்நீர் விட்ட பிறகு கொடுக்கப்படும் கடைசி ஐம்பது தட்டுகளில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். சராசரி என்ற சொல்லின் கீழ் எவ்வளவு வெந்நீர் மறைந்திருக்கிறது என்பதை வகுப்பில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டம். தொண்டர்களையும் உட்காரச் சொன்னார்கள். பேச்சு முழுவதும் ஒரு புகாரைச் சுற்றியே நடந்தது. தினமும் அதே முகங்கள்தான் வருகின்றன, இஸ்திரி போட்ட சட்டையுடன்கூட ஆள்கள் வரிசையில் நிற்கிறார்கள், பக்கத்துக் கடைப் பையன்களும் வந்து சாப்பிடுகிறார்கள் என்று நன்கொடை திரட்டும் பெரியவர் ஒருவர் வருத்தத்துடன் சொன்னார். "சோறு போட்டுப் போட்டு நாமே அவங்களைப் பழக்கிட்டோம்" என்றார். மாஸ்டரும் முகங்கள் பழகியவைதான் என்று ஒப்புக்கொண்டார். குடும்ப அட்டையைப் பார்த்து டோக்கன் கொடுக்கலாமா என்ற யோசனை எழுந்து, முடிவாகாமல் நின்றது.

பெரியவர் சொன்னதற்குச் சமூகவியலில் ஒரு பழைய உறவினர் உண்டு. மெக்சிகோவின் ஏழைக் குடும்பங்களிடையே ஆய்வு செய்த ஆஸ்கார் லூயிஸ், 1959-இல் 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்தை முன்வைத்தார். நீண்ட வறுமையில் வாழ்பவர்களிடம் அதற்கேற்ற மனப்பாங்கும் வாழ்முறையும் உருவாகி, அவை பிள்ளைகளுக்கும் கடத்தப்படுகின்றன என்பது அதன் சாரம். லூயிஸ் இடதுசாரி அனுதாபம் கொண்டவர். அந்தப் பண்பாட்டை வர்க்க சமூகத்தின் ஓரத்தில் தள்ளப்பட்டோரின் தகவமைப்பாகவே அவர் கண்டார். ஆனால் கருத்து அவர் கையைவிட்டு வெளியே போனதும், ஏழை ஏழையாக இருப்பதற்கு அவர் பழக்கமே காரணம் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது வசதியாகிவிட்டது.

பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. பதினைந்து வருடமாகக் கடைகடையாக ஏறி இந்த அடுப்பை எரியவைப்பவர் அவர், நானோ வந்து எட்டு நாள்தான் ஆகிறது. எனினும் 'அதே முகங்கள்' என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. எண்ணிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஜூன் 14, வெள்ளி

என் எண்ணும் முறை எளியது. ஊறுகாய் வைக்கும் கடைசி இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் "முதல் தடவையா வர்றீங்க?" என்று மட்டும் கேட்டு, ஆமென்றால் சட்டைப்பையில் உள்ள புளியங்கொட்டைகளில் ஒன்றை டப்பாவில் போடுகிறேன். பெயரோ ஊரோ கேட்பதில்லை. வெட்கத்தினால் யாரேனும் முதல் தடவை என்று சொல்லிவிடக்கூடும் என்பது இம்முறையின் குறை.

வெட்கம் பற்றி எழுதியதும் இன்று நடந்தது நினைவுக்கு வருகிறது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தட்டை வாங்கிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் நாணயத்தை மேசைமீது வைத்தார். இங்கே காசு வாங்குவதில்லை என்றேன். "இருக்கட்டும்ப்பா, சும்மா தின்னா தொண்டையில எறங்காது" என்று நாணயத்தை எடுக்காமலே நகர்ந்தார். ஐந்து ரூபாய் என்ற தொகை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் சாம்பார் சாதத்தின் விலை அதுதான். அங்கே யாரும் யாரையும் ஏழையா என்று கேட்பதில்லை. ஐந்து ரூபாய் கொடுத்தவர் வாடிக்கையாளர். எங்கள் ஷெட்டில் அதே சோற்றுக்கு நிற்பவர் வேறொன்றாகிவிடுகிறார்.

1776-இல் ஆடம் ஸ்மித் லினன் சட்டையைப் பற்றி எழுதியது இங்கே பொருந்துகிறது. கிரேக்கரும் ரோமானியரும் லினன் இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள். உயிர் வாழ அது தேவையில்லை. ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில், மதிப்புள்ள ஒரு தினக்கூலி லினன் சட்டை இல்லாமல் பொது இடத்தில் தோன்ற வெட்கப்படுவார், ஆகவே அது அவருக்கு அத்தியாவசியப் பொருள்தான் என்றார் ஸ்மித். இந்த உதாரணத்தை அமர்த்தியா சென் 1983-இல் எடுத்து விரித்தார். வெட்கமின்றிப் பிறர் முன் தோன்றுவது எல்லாச் சமூகத்திலும் மனிதருக்கு வேண்டிய ஓர் இயலுமை, அதற்கு எந்தப் பொருள் தேவை என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது அவர் வாதம்.

பெரியவரைப் புண்படுத்திய இஸ்திரி போட்ட சட்டையை இப்படிப் பார்த்தால் அதன் பொருளே மாறுகிறது. அந்தச் சட்டைக்காரரிடம் நேற்றுப் பேச நேர்ந்தது. மகன் விபத்துப் பிரிவில் இருக்கிறான். மருத்துவரையும் வார்டு ஊழியரையும் ஒரு நாளில் பத்து முறை பார்த்துப் பேச வேண்டியிருப்பதால், கசங்கிய சட்டையுடன் போனால் யாரும் நின்று பதில் சொல்வதில்லை என்று, கையில் மிஞ்சிய காசில் சட்டையைத் தேய்த்துக்கொண்டு வந்து இலவசச் சோற்று வரிசையில் நிற்கிறார். பசியா மரியாதையா என்ற கேள்விக்கு அவர் தம் கணக்கில் ஒரு விடை கண்டிருக்கிறார். அந்த விடையே அவரை எங்கள் கண்ணில் போலியாக்கிவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

ஆறு வேலை நாள்களின் எண்ணிக்கை முடிந்தது. முதல் தடவை வருபவர்கள் நாளொன்றுக்கு 36-லிருந்து 45 வரை, சராசரியாக 40 பேர். அதாவது 250 பேரில் 210 பேர் ஏற்கெனவே வந்தவர்கள். நூற்றுக்கு 84 பேர். அண்டா அருகே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் அதே முகங்களாகத் தெரிவதில் வியப்பில்லை. பெரியவர் பார்த்தது சரிதான்.

ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியா? இங்கேதான் 1980-களில் அமெரிக்காவின் மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் இருவரும் வறுமையின் கால அளவை ஆராய்ந்தபோது தந்த மருத்துவமனை உதாரணம் எனக்குக் கைகொடுத்தது. 13 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை எண்ணிக்கொள்ளுங்கள். 12 படுக்கைகளில் நாள்பட்ட நோயாளிகள் ஆண்டு முழுவதும் கிடக்கிறார்கள். பதின்மூன்றாவது படுக்கைக்கு வாரம் ஒருவர் வந்து, குணமாகிப் போகிறார். எந்த நாளில் உள்ளே நுழைந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட எல்லாரும் நாள்பட்டவர்கள். ஆனால் ஆண்டு முடிவில் பதிவேட்டைப் புரட்டினால் வந்துபோனவர்கள் 64 பேர். அவர்களில் 52 பேர் ஒரே வாரம் தங்கியவர்கள். இரண்டு உண்மைகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒரு நாளின் கணக்கையும் ஓர் ஆண்டின் கணக்கையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது.

எங்கள் ஷெட்டிலும் அதே அமைப்புத்தான். மாஸ்டரும் நானும் உட்கார்ந்து முகம் முகமாக நினைவுபடுத்தியதில், மாதக்கணக்காக வருபவர்கள் 90 பேர் தேறினார்கள். நடைபாதையில் தூங்கும் முதியவர்கள், மீன்பாடி வண்டி இழுப்பவர்கள், யாருமற்ற சிலர். மீதி 160 இடங்களில் நாள்தோறும் 40 புதியவர்கள் வருகிறார்கள் என்றால், ஒருவர் சராசரியாக நான்கு நாள் வந்து போகிறார். மாதத்தில் 26 நாள் அடுப்பு எரிகிறது. ஆகவே புதிதாக வருபவர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். ஒரு மாதப் பதிவேடு இருந்திருந்தால் அந்த 90 பேர் நூற்றுக்கு எட்டுப் பேராகத்தான் இருந்திருப்பார்கள்.

இதை வைத்துக்கொண்டு அந்த 90 பேரை ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பரிமாறப்படும் தட்டுகளில் நூற்றுக்கு 36 அவர்களுக்கே போகின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் நான்கு நாள் விருந்தாளிகள், ஆனால் சோற்றில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரந்தரமானவர்களுக்கு. லூயிஸின் கருத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்றால் இந்த 90 பேரிடம்தான் முடியும். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் வேலை செய்ய இயலாத வயதில் இருப்பவர்கள் என்பதால், அவர்களைப் பழக்கியது சோறா முதுமையா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜூன் 21, வெள்ளி

அந்த ஐந்து ரூபாய் அம்மா திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து வந்தவர். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. இன்று பாத்திரம் கழுவும் இடத்தில், கேட்காமலே வந்து உதவிக்கொண்டே சொன்னார். மருத்துவம் இலவசம், பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வார்டில் நோயாளிக்குச் சாப்பாடும் உண்டு. அவரோடு இருப்பவருக்கு இல்லை.

செலவு எங்கிருந்து வந்தது என்பதை அவர் வரிசைப்படுத்தினார். உள்ளூரில் முதல் இரண்டு மாதம் தனியாரிடம் காட்டியதற்கு ஒரு பசுமாட்டை விற்றார். சென்னைக்கு வர வாடகை வண்டிக்குக் கைமாற்று. இருவரும் கூலிக்குப் போகாததால் பதினெட்டு நாளாக வருமானம் இல்லை. வீட்டில் மீதியிருக்கும் கன்றுக்குத் தீவனம் வாங்கிப் போடுவது பக்கத்து வீட்டார். இப்போது தோட்டை அடகு வைப்பது பற்றி யோசிக்கிறார். மாடு இருந்த வரையில் அவர்கள் எந்தக் கோட்டின்படியும் ஏழைகள் அல்லர்.

ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் முதல் கென்யா, உகாண்டா, பெரு வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைத் திரட்டிய அனிருத் கிருஷ்ணா கண்டது இதையே. அவர் ஊர் மக்களைக் கூட்டி, ஒரு குடும்பம் வறுமையிலிருந்து ஏறும்போது கையில் வரும் காசை முதலில் எதற்குச் செலவிடும், அடுத்து எதற்கு என்று கேட்டு, அவர்களே வகுத்த படிகளில் ஒவ்வொரு வீட்டையும் அன்றும் இன்றும் வைத்துப் பார்த்தார். சோறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், உடுப்பு, கடனடைப்பு என்று அந்தப் படிகள் போகும். ஒருபுறம் குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் மறுபுறம் வேறு குடும்பங்கள் விழுந்துகொண்டிருந்தன. விழுந்ததற்குப் பெரும்பாலான இடங்களில் முதற்காரணமாகச் சொல்லப்பட்டது நோயும் அதற்கான செலவும். ஏறுவதற்கான காரணங்களும் விழுவதற்கான காரணங்களும் வேறுவேறு என்பதால், இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது என்றார் அவர்.

எங்கள் வரிசை விழுபவர்கள் கடந்துபோகும் இடம். எங்கள் தட்டு தோடு அடகுக்குப் போவதைத் தடுக்கப் போவதில்லை. சில நாள் தள்ளிப்போடலாம். வெளியில் சாப்பிட்டால் அந்த அம்மாவுக்கு நாளொன்றுக்கு ஆகும் தொகையில் ஒரு வேளைச் செலவு மிஞ்சும்; 475 கலோரியின் பங்கு அவ்வளவுதான். இதைக் குறைத்துச் சொல்லவில்லை, அளந்து சொல்கிறேன்.

ஜூன் 26, புதன்

என் எண்ணிக்கையைக் கேட்ட பிறகும் குழு ஒரு சோதனை நடத்த விரும்பியது. திங்கள் முதல் இன்றுவரை மூன்று நாள், குடும்ப அட்டையைக் காட்டியவர்களுக்கு மட்டும் டோக்கன். அட்டை பார்க்கும் மேசையில் என்னையே உட்காரவைத்தார்கள்.

முதல் நாள் 171 பேர், இன்று 163. தேர்ந்தெடுத்து உதவும் திட்டங்களில் இருவகைப் பிழைகள் நேரும் என்று ஜியோவானி ஆண்ட்ரியா கார்னியா, ஃபிரான்சிஸ் ஸ்டூவர்ட் இருவரும் 1993-இல் பிரித்துக் காட்டினார்கள். வேண்டாதவருக்கும் போய்ச்சேருவது ஒன்று. வேண்டியவருக்குப் போய்ச்சேராமல் இருப்பது மற்றொன்று. முதற்பிழையைக் குறைக்க வேலியை உயர்த்தினால் இரண்டாவது பிழை பெருகும், ஆனால் கணக்குப் புத்தகத்தில் கண்ணுக்குப் படுவது முதற்பிழை மட்டுமே என்பதால் அதையே எல்லாரும் துரத்துகிறார்கள் என்பது அவர்கள் எச்சரிக்கை.

மேசையில் நான் கண்டது அதைவிடக் கேலியானது. 1997-இல் நாடெங்கும் இலக்கு வைத்த ரேஷன் முறை வந்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லாருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்தது. ஆகவே இங்கே குடும்ப அட்டை என்பது ஏழ்மைக்குச் சான்றன்று. நிலையான முகவரி இருப்பதற்குச் சான்று. கடைப் பையன்கள் மூவரும் கைபேசியில் அட்டையின் படத்தைக் காட்டி டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். நடைபாதை முதியவர்களில் பெரும்பாலோரிடம் அட்டை இல்லை. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்த தம்பிக்குத் துணை நிற்கும் இளைஞனிடம் இருந்தது வேறு மாநிலத்து அட்டை. இஸ்திரிச் சட்டைக்காரர் மேசையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். திருவண்ணாமலை அம்மாவின் அட்டை ஊரில் பெட்டிக்குள் இருந்தது. "அடுத்த தடவை கொண்டாறேன்" என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னது எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான்.

குழுவுக்கு நான் எழுதிக்கொடுத்த கணக்கு ஒரு பக்கம்தான். தகுதியில்லாதவர்கள் 20 பேர் வந்தார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அவர்களால் ஆகும் இழப்பு நாளொன்றுக்கு 330 ரூபாய். இந்த மூன்று நாளும் பழைய அளவிலேயே சமைத்து, சராசரியாக 83 தட்டு மிஞ்சியதில் நாளொன்றுக்கு 1,370 ரூபாய் வீணானது. மிச்சத்தை மாலைவரை வைக்கவும் முடியவில்லை. இந்த வெக்கையில் மூன்றரை மணிக்கே மாஸ்டர் மூடியைத் திறந்து முகர்ந்து, கரண்டியால் தூக்கிப் பார்த்தார். நூல் விட ஆரம்பித்திருந்ததால் கொட்டச் சொல்லிவிட்டார். சமைக்கும் அளவைக் குறைத்திருந்தால் இந்தத் தொகை மிஞ்சியிருக்குமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மிஞ்சியிருக்கும், அந்த 83 பேர் சாப்பிடாத காசாக.

ஜூன் 29, சனி

டோக்கன் மேசையை வியாழனன்றே எடுத்துவிட்டார்கள். பெரியவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. கொட்டப்பட்ட சோற்றைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம், என் எட்டு விழுக்காட்டுக் கணக்கைவிட வேகமாக வேலை செய்தது. ஆனால் நான் கேட்ட இரண்டில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியின் அருகே, யார் போடுகிறார்கள் என்று பரிமாறுபவருக்குத் தெரியாத இடத்தில், ஓர் உண்டியல் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாளில் 214 ரூபாய் விழுந்திருந்தது, பெரும்பாலும் ஐந்து ரூபாய் நாணயங்கள். காசு போட முடியாதவருக்கு இதுவே புதிய வெட்கமாகுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. அதனால்தான் இடத்தை மறைவாகக் கேட்டேன். ஒரு மணிக்குமேல் வருபவர்களுக்கெனக் கடைசி அரை அண்டாவை வெந்நீர் கலக்காமல் தனியாக வைக்க வேண்டும் என்ற இரண்டாவது கோரிக்கையை மாஸ்டர் தள்ளிவிட்டார். இறுகிய சாம்பார் சாதத்தைப் பல்லில்லாத கிழவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் வெந்நீருக்குப் பதில் தனியாக ஒரு கிலோ பருப்பு வேகவைத்து அந்த நீரில் தளர்த்துவது என்று முடிவாயிற்று.

திருவண்ணாமலை அம்மா இன்று வரவில்லை. கணவரை வேறு வார்டுக்கு மாற்றினார்களா, ஊருக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்க ஆளில்லை. இஸ்திரிச் சட்டைக்காரரும் திரும்ப வரவில்லை. இன்றைய புதியவர்கள் 43 பேர்.

காய்ச்சல் வார்டில் கூட்டம் ஏறுகிறதாம். திங்கட்கிழமைக்கு அரிசி 22 கிலோ என்று மாஸ்டர் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனார்.